ஒரு வரவும் பல விலைப்பட்டியல்களும்

வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்புநோக்கி வேறுபாடுகளை விளக்குதலைக் கணக்கியல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்கின்றனர். அவ்விணக்கம் முடிந்த பின்னரும் வேறோர் இணக்கம் எஞ்சி நிற்கின்றது. வாடிக்கையாளர் ஒருவர் பல விலைப்பட்டியல்களுக்குரிய பணத்தை ஒரே தொகையாக வங்கிக்கு அனுப்புவாராயின், அத்தொகை பேரேட்டில் தீராதிருக்கும் பட்டியல்களுள் எவற்றைச் சார்வது என்று துணிதலே அது. பாடநூல்கள் இதனைச் சில வரிகளிற் கூறிக் கடந்துவிடுகின்றன. காரியாலயங்களிலோ கணக்கெழுதுவோரின் பொழுதிற் பெரும்பங்கை இதுவே கொள்கின்றது.

காசோலை வழங்கிய காலத்தில் இச்சிக்கல் இத்துணைப் பெரிதாயிருக்கவில்லை. காசோலையுடன் ஒரு கடிதம் வரும். அதில் பட்டியல் எண்கள் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். பணமும் விவரமும் ஒரே உறையில் வந்தன. இன்று அவ்விரண்டும் வெவ்வேறு வழியாற் செல்கின்றன. இலங்கையில் 2015ஆம் ஆண்டில் லங்கா கிளியர் நிறுவனம் (இன்று லங்கா பே எனப்படுவது) தொடக்கிய உடனடி இடைவங்கிப் பணமாற்றத்தின் வழியாகக் கொழும்பிலிருந்து அனுப்பும் பணம் சில கணங்களில் திருகோணமலைக் கணக்கில் வந்து சேர்கின்றது. ஆயினும் வங்கிக் கூற்றிற் காணப்படுவன திகதி, தொகை, அனுப்பியவர் பெயர், ஒரு சிறு குறிப்பு ஆகியவையே. ஏழெட்டுப் பட்டியல் எண்கள் அக்குறிப்புக்குள் அடங்குவதில்லை. விவரம் மின்னஞ்சலில் வரும். அதுவும் பெரும்பாலும் கணக்கெழுதுவோருக்கு வாராது, விற்பனை செய்தவருக்கே வரும்.

உதாரணமாக, லிங்கநகரில் மளிகைப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள சில கடற்கரை விடுதிகளுக்குக் கடனுக்குச் சரக்கு வழங்குகின்றார் எனக் கொள்வோம். விடுதிகள் வேறாயினும் அவற்றின் உடைமையாளர் ஒருவரே. பணஞ் செலுத்துவது கொழும்பிலுள்ள தலைமைக் காரியாலயம். வியாபாரியின் பேரேட்டில் ஆறு பட்டியல்கள் தீராதிருக்கின்றன: 101ஆம் எண்ணுக்கு 48,500 ரூபா, 102க்கு 72,000, 103க்கு 36,250, 104க்கு 60,250, 105க்கு 84,250, 106க்கு 96,500, மொத்தம் 397,750 ரூபா. இவ்வாறிருக்க, ஒருநாள் வங்கியில் 145,000 ரூபா வரவாகின்றது. குறிப்பில் விடுதியின் பெயர் மட்டுமே உண்டு.

கணக்கெழுதுவோர் எண்களைக் கூட்டிப் பார்க்கின்றார். 101உம் 106உம் சேர்ந்தால் 145,000 ஆகின்றது. ஒரு சதமும் பிசகாது பொருந்துவதால் அவர் ஐயமின்றி அவ்விரண்டையும் தீர்ந்தனவாகக் குறிக்கின்றார். ஆனால் 101, 103, 104 ஆகிய மூன்றைக் கூட்டினாலும் அதே 145,000 வருகின்றது. 103உம் 104உம் சேர்ந்த தொகை 106இன் தொகைக்குச் சமமாயிருத்தலே காரணம். இது அருமையாய் நேரும் தற்செயல் என்று ஒதுக்குதல் தகாது. ஆறு பட்டியல்களிலிருந்து 63 சேர்க்கைகளை அமைக்கலாம், பத்தாயின் 1,023, இருபதாயின் பத்து இலட்சத்துக்கு மேல். பட்டியல்கள் பெருகப் பெருக, ஒரே கூட்டுத்தொகை தரும் வெவ்வேறு சேர்க்கைகள் தோன்றுதல் இயல்பேயாகும். பொருந்தும் சேர்க்கையைத் தாமே தேடித்தரும் கணக்கு மென்பொருள்கள் உள. அவற்றுட் சில முதலிற் கண்ட சேர்க்கையோடு நின்றுவிடுவதால், இரண்டாவதொன்று உண்டென்பது எவருக்கும் புலப்படாது போகின்றது.

விடுதி உண்மையிற் செலுத்தியது 101, 103, 104 என்னும் மூன்றுக்கே. 106ஆம் பட்டியலிற் கண்ட அரிசி தரங்குறைந்தது என்று முறைப்பாடு இருந்தமையால் அதனை அவர்கள் நிறுத்திவைத்திருந்தனர். பணம் அனுப்பிய அன்றே விவரத்தை மின்னஞ்சலில் விற்பனையாளருக்கும் அனுப்பியிருந்தனர். அது பேரேட்டுக்கு வந்து சேரவில்லை.

இப்பிழையைக் கணக்கு தானாகக் காட்டாது. எவ்வாறு ஒதுக்கினும் வாடிக்கையாளரின் மீதி 252,750 ரூபாவே. கட்டுப்பாட்டுக் கணக்கும் இணங்கும், பரீட்சை மீதியும் இணங்கும், வங்கிக் கணக்கிணக்கமும் இணங்கும். அடுத்த மாதம் விடுதி 102, 105 ஆகியவற்றுக்கு 156,250 ரூபா அனுப்புகின்றது. அதுவும் சரியாகவே பதியப்படுகின்றது. இப்பொழுது இரு தரப்பாரின் ஏடுகளிலும் எஞ்சுவது 96,500 ரூபா. ஆனால் வியாபாரியின் ஏட்டில் அது 103உம் 104உம். விடுதியின் ஏட்டில் அது 106. மொத்தத்தை மட்டும் எழுதி மீதியை உறுதிப்படுத்தும்படி கேட்டால் விடுதியும் சரியென்றே ஒப்பமிடும். பட்டியல் வாரியாக எழுதிய கணக்குக் கூற்றை மாதந்தோறும் அனுப்புவதொன்றே பிழையை வெளிப்படுத்தும். அத்தோடு, புதிய பட்டியல்கள் தீர்ந்திருக்கப் பழையன இடையிற் தீராது கிடக்குமாயின், அதுவும் ஐயுறற்குரிய அடையாளமாகும்.

இதனால் விளையும் இழப்பு யாதெனில், இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, விற்றுக் கையளித்த சரக்கின் விலையைக் கோரும் வழக்கு, கடன் செலுத்தற்குரியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடரப்படல் வேண்டும். ஓராண்டென்பது மிகக் குறுகிய காலம். வியாபாரி 103, 104 ஆகியவற்றுக்கு நினைவூட்டற் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றார். அவை தீர்ந்தனவென்று விடுதி மறுமொழி கூறுகின்றது. மின்னஞ்சலைத் தேடியெடுத்து உண்மை தெளியுமுன் 106க்குரிய ஆண்டு கழிந்துவிடலாம். பின்னர் அரிசியின் தரம்பற்றி வாதிடவும் இடமில்லை.

ஒதுக்கீட்டை நிச்சயிக்கும் உரிமை எவருடையது என்பதில் சட்டம் தெளிவாயுள்ளது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 59 முதல் 61 வரையான பிரிவுகளில் இதனை வரிசைப்படுத்துகின்றது. செலுத்துபவர் இன்ன கடனுக்கென்று கூறின் அவ்வாறே கொள்ளல் வேண்டும். கூறாவிடிற் பெறுபவர் தெரிந்துகொள்ளலாம். இருவரும் வாளாவிருப்பின் காலத்தால் முந்திய கடன் முதலில் தீரும். இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்திலும் முதலுரிமை கடனாளிக்கே உரியது. இந்தியச் சட்டம் 59ஆம் பிரிவுக்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகின்றது: பல கடன்களுள் 567 ரூபாவுக்கான ஒன்றைக் கேட்டெழுத, கடனாளி 567 ரூபாவையே அனுப்பினால், அது கேட்ட கடனுக்கே சேரும். தொகையே நோக்கத்தை உணர்த்திவிடுகின்றது என்பது கருத்து. நமது வியாபாரியின் 145,000 ரூபாவோ இரு வேறு நோக்கங்களுக்கு ஒருங்கே இடந்தருகின்றது. ஆதலின் எண்கள் பொருந்துதலைச் சான்றாகக் கொள்ளாது, ஊகமாகவே கொள்ளல் வேண்டும்.

செய்யத்தக்கது இதுவே. பணம் வந்த அன்றே அதனை வாடிக்கையாளர் கணக்கில் ஒதுக்கப்படாத வரவாகப் பதிதல் வேண்டும். அப்பொழுது வங்கிக் கணக்கும் மொத்த மீதியும் உண்மையாயிருக்கும், எந்தப் பட்டியலும் பொய்யாகத் தீராது. பின்னர்ச் செலுத்தியவரிடம் விவரங் கேட்டு, அது கிடைத்தபின் பட்டியல்களைத் தீர்க்கலாம். விவரம் வாராவிடின், இன்னின்ன பட்டியல்களுக்கு ஒதுக்கியுள்ளோம் என்று எழுத்தில் அறிவித்துவிடல் நன்று. பெறுபவரின் தெரிவுக்கு அக்கடிதமே ஆதாரம்.

தொகை எச்சேர்க்கையோடும் பொருந்தாதவிடத்து வேறொரு சோதனை நேர்கின்றது. 145,000க்குப் பதிலாக 142,250 ரூபா வந்ததெனின், ஆறு பட்டியல்களின் எச்சேர்க்கையும் அதனைத் தாராது. 2,750 ரூபா குறைவு, திருப்பியனுப்பிய எண்ணெய்த் தகரங்களின் விலையாயிருக்கலாம். அதனைச் சில்லறைச் செலவென்று எழுதிக் கணக்கை மூடிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு, அது தவறாகும். பட்டியல்களை முழுவதும் தீர்த்துவிடாது, அவ்வேறுபாட்டை அது சார்ந்த பட்டியலிலேயே தீராத மீதியாக நிறுத்தி, சரக்கு திரும்பி வந்ததற்குரிய சீட்டைக் களஞ்சியத்திற் கேட்டுப் பெற்ற பின்னரே கழித்தல் வேண்டும். சீட்டு இல்லையெனின் அந்த 2,750 ரூபா இன்னும் விடுதி செலுத்தவேண்டிய கடனே.