உங்களுக்குத் தெரியுமா? எழுத்துக்கு எழுத்து இடம் விட்டால்…

◆ டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு, எழுத்துகளுக்கு நடுவே இடத்தைக் கூட்டியதுமே வாசிப்பு மேம்பட்டிருக்கிறது. தனிப் பயிற்சி எதுவும் தரவில்லை. 2012இல் மார்கோ சோர்சி குழுவினர் இத்தாலியிலும் பிரான்சிலும் 8 முதல் 14 வயது வரையுள்ள 74 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். 14 புள்ளி அளவுள்ள டைம்ஸ் எழுத்துருவில், ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 புள்ளி இடம் சேர்த்தார்கள். சராசரி வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, பிழைகள் பாதியளவுக்குக் குறைந்தன. இதே வாசிப்புத் திறன் கொண்ட, டிஸ்லெக்சியா இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கோ இந்த இடைவெளியால் பலன் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

◆ இடைவெளி உதவுவதற்குக் காரணம் நெரிசல். பக்கத்து எழுத்துகள் நெருக்கும்போது நடுவில் உள்ள எழுத்து அடையாளம் தெரியாமல் போகிறது. இது எல்லார் கண்ணுக்கும் உண்டு. இந்த வரியின் முதல் எழுத்தின் மேல் பார்வையை நிறுத்திக்கொண்டு, கண்ணை நகர்த்தாமல் நாலைந்து சொல் தள்ளி உள்ள ஒரு சொல்லின் நடு எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். ஏதோ இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று பிடிபடாது. அதே தூரத்தில் ஒற்றை எழுத்தைத் தனியாக எழுதி வைத்தால் சொல்லிவிடுவீர்கள். டிஸ்லெக்சியா உள்ள பலருக்கு இந்த நெரிசல் கூடுதலாக இருக்கிறது.

◆ அந்த ஆய்வின் அளவை வீட்டுக் கணினியிலேயே வைக்கலாம். வேர்டில் ஆங்கிலப் பாடத்தைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எழுத்தளவை 14 ஆக்குங்கள். Ctrl+D அழுத்தினால் வரும் பெட்டியில் Advanced என்ற பகுதிக்குப் போய், Spacing என்பதில் Expanded தேர்ந்தெடுத்து, By என்ற கட்டத்தில் 2.5 pt என்று கொடுங்கள். வரி இடைவெளியை 1.5 அல்லது 2 ஆக்குங்கள். கடைசியாக Ctrl+L. வரிகள் இடப்பக்கம் மட்டும் சீராக நிற்கும். இரு பக்கமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஒரு வரியில் பெரிய ஓட்டை, இன்னொரு வரியில் நெருக்கம் என்று ஆகிவிடும்.

◆ எழுத்துகள் விலகும் அளவுக்குச் சொற்களும் விலக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பிள்ளை இரண்டு சொற்களைச் சேர்த்து வாசித்தால் இதுதான் கோளாறு. சொற்களுக்கு நடுவே இரண்டு வெற்றிடம் விடுங்கள். சொல்லாகப் பார்க்காமல் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தால், இடைவெளி மிஞ்சிவிட்டது என்று பொருள். அரைப் புள்ளி அரைப் புள்ளியாகக் குறையுங்கள்.

◆ மேற்சொன்ன அளவுகள் லத்தீன் எழுத்துக்கு வந்தவை. தமிழில் வைக்கும்போது ‘கொ’, ‘பை’ போன்றவற்றைத் திரையில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றால், எழுத்து இடைவெளியைப் பழையபடி விட்டுவிட்டுச் சொல், வரி இடைவெளிகளை மட்டும் கூட்டுங்கள்.

◆ டிஸ்லெக்சியாவுக்கென்றே செய்த எழுத்துரு தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. நெதர்லாந்தில் உருவான டிஸ்லெக்சி எழுத்துருவை ஏரியலோடு 2016இல் ஒப்பிட்டார்கள். முதலில் டிஸ்லெக்சிதான் சற்று முந்தியது. ஏரியலுக்கும் அதே இடைவெளியைக் கொடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

◆ நிறக் கண்ணாடி, நிறத் தாள் விஷயத்தில் பெற்றோர் பணத்தைக் கொட்டிவிட வேண்டாம். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் இருக்கிறது, கண்ணில் அல்ல. நிறக் கண்ணாடிகளால் வாசிப்பு மேம்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. ஆனால் பளீரென்ற வெள்ளைத் திரை கூசுகிறது என்று பிள்ளை சொன்னால், இளமஞ்சள் பின்னணியை வைத்துக் கொடுங்கள், காசு செலவில்லை. எட்ஜ் உலாவியில் F9 அழுத்தினால் வாசிப்புக் காட்சி திறக்கும் (எல்லாப் பக்கத்திலும் திறக்காது). அதன் Text preferences பகுதியில் பின்னணி நிறமும் இருக்கிறது, எழுத்து இடைவெளியும் இருக்கிறது. எழுத்து மட்டும் கறுப்பாகவே இருக்கட்டும். மஞ்சள் மேல் சாம்பல் எழுத்து வைத்தால் வாசிப்பது இன்னும் சிரமமாகிவிடும்.

◆ எந்த மாற்றம் உதவுகிறது என்பதைப் பிள்ளையின் “நல்லா இருக்கு” மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. புது அமைப்பு எதுவும் முதல் நாள் பிடிக்கத்தான் செய்யும். ஒரே கடினத்தில் உள்ள இரண்டு பத்திகளை எடுங்கள். ஒன்றைப் பழைய அமைப்பிலும் மற்றதைப் புதிய அமைப்பிலும் தலா ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களையும் தவறியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் வேறு இரண்டு பத்திகளோடு, புதியதை முதலில் வைத்துச் செய்யுங்கள். இரண்டு நாளும் பிழை குறைந்திருந்தால் அந்த அமைப்பு அவனுக்கோ அவளுக்கோ பொருந்துகிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இடைவெளியையும் நிறத்தையும் சேர்த்து மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது.