வங்கி வாரிக்கொள்ளும் உபரி

சூரிய மின் நிலையம் ஒன்று, 10 சதவீத வட்டிக் கடனில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் செலவும் தவணையும் போக 4 கோடி ரூபாய் மிச்சம். ‘கேஷ் ஸ்வீப்’ நிபந்தனைப்படி அதில் பாதியை வங்கி எடுத்து, 10ஆம் ஆண்டு முடிவில் வரவேண்டிய அசலில் கழிக்கிறது.

பங்குதாரருக்கு அந்த 2 கோடி தொலைந்துபோகவில்லை. 9 ஆண்டுகள் தலா 20 லட்சம் வட்டி மிச்சமாகும். கடைசியில் 2 கோடி அசல் கட்ட வேண்டாம். ஆனால் அவர் எதிர்பார்ப்பது 14 சதவீதம். அந்த விகிதத்தில் தள்ளிப் பார்த்தால், இவற்றின் முதலாண்டு மதிப்பு ஏறத்தாழ 1.60 கோடிதான்.

நஷ்டம் 40 லட்சம். முதலீட்டு நாளுக்குக் கொண்டுவந்தால், நிகர இன்றைய மதிப்பில் சுமார் 35 லட்சம் குறைவு. (வரியைச் சேர்க்கவில்லை.)

பங்கு வருவாய் விகிதம் வட்டியைவிட அதிகமாக இருந்தால், அதுவும் இறங்கும். கணக்குப் போடுபவர்கள் வழுக்குவது இங்கேதான்: லாபத்தை எடுத்துக்கொள்கிறார்கள், கைக்கு வந்த பணத்தை அல்ல.