பாய்லர் தொப்பை போட்டது! பணம் கிடைக்குமா? நோட்டுப் புத்தகம் கையில் இருக்கு பதில்!

மணவூர் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் "டமார்" என்று ஒரு சத்தம். பாய்லருக்குள்ளே உமி எரியும் பெரிய பர்னஸ் குழாயின் மேல்பாகம் தொப்பை போட்டுக் கீழே தொங்குகிறது. ஆலை நின்றது. செலவு 6 லட்சம்!

"மெஷின் பிரேக்டவுன் பாலிசிதான் இருக்கே" என்று முதலாளி நிம்மதியாக இருந்தால் ஏமாற்றம்தான். பாய்லர் வெடித்தாலும் நசுங்கினாலும் நஷ்டம் கேட்க, "பாய்லர் அண்டு பிரஷர் பிளான்ட்" என்ற தனிப் பாலிசி வேண்டும்.

அதிலும் ஒரு கண்டிஷன். திடீரென்று வெடித்ததோ, அழுத்தத்தால் திடீரென்று வளைந்ததோதான் கணக்கு. துரு அரித்து மெல்ல மெல்லத் தேய்ந்தது, ஒற்றைக் குழாய் மட்டும் ஓட்டையானது இவற்றுக்குப் பைசா கிடையாது.

நிறம் காட்டிக்கொடுக்கும்

திடீரென்று நடந்ததா, நாள்பட்டதா? என்ஜினீயர் உலோகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தண்ணீர் குறைந்து குழாயின் மேல்பாகம் வெளியே தெரிந்தால், இரும்பு பழுக்கக் காய்ந்து அழுத்தம் தாங்காமல் தொங்கும். தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே நீலமும் கறுப்புமாக ஒரு கோடு தெரியும். இது திடீர் விபத்து.

அந்தக் கோடு இல்லாமல், தொப்பைக்கு நேர் மேலே உப்புப் படிவம் தடிமனாக ஒட்டிக்கிடந்தால் கதை வேறு. பல மாதமாகச் சேர்ந்த படிவம் சூட்டைத் தண்ணீருக்குப் போக விடவில்லை என்று பொருள். இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும்!

கையெழுத்து எங்கே?

"தண்ணி இருந்துச்சு சார்" என்று பயர்மேன் சொன்னால் மட்டும் போதாது. ஷிப்டுக்கு ஒரு முறை கண்ணாடிக் குழாயைத் திறந்துவிட்டு மட்டம் பார்த்த குறிப்பு, தண்ணீரின் கடினத்தன்மைக் கணக்கு, சேப்டி வால்வு சோதனை, பாய்லர் இன்ஸ்பெக்டரின் சான்றிதழ் எல்லாம் வேண்டும். வருஷம் முழுக்க ஒரே பேனா, ஒரே மை, ஒரே மாதிரி எண்கள் இருந்தால் சர்வேயர் சிரிப்பார். தெரிந்தே செய்த தப்பு, படுமோசமான அலட்சியம் என்று தெரிந்தாலும் பணம் இல்லை.

வெட்டாதே!

விபத்து நடந்ததும் நெருப்பை எடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், 24 மணி நேரத்துக்குள் பாய்லர் இன்ஸ்பெக்டருக்கும் எழுதித் தரவேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் வெல்டரைக் கூப்பிட்டுக் குழாயை வெட்டினால் சாட்சியும் வெட்டுப்பட்டுப் போகும். இன்ஸ்பெக்டர் அலுவலக அனுமதி இல்லாமல் ரிப்பேரும் கூடாது.

கடைசியாக ஒரு கிள்ளு. புது பாய்லர் விலை 40 லட்சம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 20 லட்சத்துக்குத்தான் பாலிசி. அப்போது 6 லட்ச நஷ்டத்துக்குப் பாதி, 3 லட்சம்தான்! அதிலும் முதலாளி ஏற்கவேண்டிய பங்கு கழியும்.