ஒரே தொகுப்பில் நாற்பது நிராகரிப்பு

அமேசான் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் இணையவழி சிறு வேலை ஒவ்வொன்றையும் 'ஹிட்' என்பார்கள். படத்தில் இருப்பதைக் குறிப்பது, ரசீதின் தொகையைத் தட்டச்சு செய்வது போன்றவை அவை. வேலை தருபவர் ரிக்வெஸ்டர். அவர் ஏற்றால்தான் கூலி. நிராகரித்தால் கூலி இல்லை, ஆனால் செய்த வேலை அவர் கையிலேயே இருக்கும்.

போன கூலியைவிடப் பெரிய இழப்பு அப்ரூவல் விகிதத்தில்தான். 1,000 ஹிட் அனுப்பி 10 நிராகரிக்கப்பட்ட ஒருவரின் விகிதம் 99 சதவீதம். அடுத்து ஒரே தொகுப்பில் அவர் செய்த 40 ஹிட்களும் நிராகரிக்கப்பட்டால் அது சுமார் 95.2 ஆகிவிடும். 98 சதவீதம் கேட்கும் வேலைகளை அவரால் எடுக்க முடியாது. மீண்டும் 98 தொட, ஒரு தவறும் இல்லாமல் 1,460 ஹிட்கள் ஏற்கப்பட வேண்டும். இத்தனைக்கும் அந்த 40-ல் தவறு அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம். ஒரே படத்தை மூவருக்குக் கொடுத்து, இருவர் சொன்னதற்கு மாறாகச் சொன்னவரைத் தானாக நிராகரிக்கும் ரிக்வெஸ்டர்கள் உண்டு. அங்கே சரியாகப் பார்த்தவரே அடிபடக்கூடும்.

சில ரிக்வெஸ்டர்கள் முதலில் தகுதித் தேர்வு வைப்பார்கள். அதில் தோற்றால் விகிதம் குறையாது. ஆனால் மறுமுறை எழுத ரிக்வெஸ்டர் இடம் வைக்காவிட்டால், கிடைப்பது ஒரே வாய்ப்பு. விளக்கக் குறிப்பை முழுவதும் படித்த பிறகே தேர்வைத் திறப்பது நல்லது.

பழகிய தொழிலாளர்கள் புதிய ரிக்வெஸ்டரிடம் நூறு ஹிட்களை ஒரே மூச்சில் செய்வதில்லை. ஐந்தோ பத்தோ செய்து, அவை ஏற்கப்படும்வரை காத்திருப்பார்கள். குறிப்பு குழப்பமாக இருந்தால், அனுப்பாமல் ஹிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் அப்ரூவல் விகிதம் குறையாது. ரிக்வெஸ்டர் எப்படிப்பட்டவர் என்று அறிய டர்காப்டிகான் தளம் உதவும். லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மேன் இருவரும் 2008-ல் தொடங்கிய இதில், தொழிலாளர்களே ரிக்வெஸ்டர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

நிராகரிப்பு வந்துவிட்டால் அன்றைக்கே ரிக்வெஸ்டருக்குத் தளத்தின் வழியாக எழுத வேண்டும். ஹிட்டின் அடையாள எண், குறிப்பில் உள்ள வரி, அதன்படி கொடுத்த பதில், திரைப்பிடிப்பு ஆகியவை இருந்தால் போதும். கோபமாக எழுதினால் பதில் வராமலே போகலாம். அவசரத்துக்குக் காரணம் உண்டு: வேலையை அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள்தான் ரிக்வெஸ்டரால் நிராகரிப்பை மாற்ற முடியும், அதுவும் ஹிட் அழிக்கப்படாமல் இருந்தால் மட்டும். ரிக்வெஸ்டர் முடிவு சொல்லாவிட்டால் வேலை தானாக ஏற்கப்படும் கெடுவும் 30 நாள்வரை நீளலாம். 28-வது நாளில் நிராகரிப்பு வந்தால் மிஞ்சுவது இரண்டே நாள். நெடுங்கெடு வைத்திருக்கும் புதிய ரிக்வெஸ்டரிடம் குறைவாகச் செய்வது ஏன் என்பதற்கும் இதுவே விடை. இந்தத் தகராறுகளில் அமேசான் பொதுவாக நடுவராக வருவதில்லை; மாற்றும் அதிகாரம் ரிக்வெஸ்டரிடமே இருக்கிறது.