இரண்டு மொழி, ஒரு ஸ்லைடு

இந்திய ரூபாய் நோட்டின் முன்பக்கத்தில் அதன் மதிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தால் இருக்கிறது. பின்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் தமிழ் உட்பட இன்னும் 15 மொழிகளில் அதே மதிப்பு அச்சாகியிருக்கிறது. ஆனால் பஸ்ஸில் கண்டக்டரிடம் நோட்டை நீட்டுகிறவர் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை. பெரிய எண்ணும் நோட்டின் நிறமுமே அவருக்குப் போதும். எல்லோருக்கும் பொதுவானதைப் பெரிதாகவும், மொழிக்கு மொழி மாறுவதைச் சிறிதாக ஒரே இடத்திலும் வைத்ததால்தான் ஒரு துண்டுத் தாளில் 17 மொழிகளுக்கு இடம் கிடைத்தது.

தமிழும் ஆங்கிலமும் கலந்து ஸ்லைடு தயாரிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் அதே வரி. பிறகு அடுத்த வரி, மறுபடியும் ஆங்கிலம். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அப்படிச் செய்த ஸ்லைடை நான்காவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் எந்த மொழியிலும் படிக்க முடிவதில்லை.

காரணம் எளிய கணக்கு. இன்று வழக்கத்தில் உள்ள அகன்ற ஸ்லைடின் உயரம் ஏழரை அங்குலம், அதாவது 540 பாயின்ட். தலைப்புக்கும் ஓரங்களுக்கும் போக, உள்ளே எழுத ஏறக்குறைய 400 பாயின்ட் மிஞ்சும். ஆறு குறிப்புகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு வரிக்கு ஓடும். ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு வரி. மொத்தம் 18 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது 22 பாயின்ட்தான். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் கொக்கிகளும் இடிக்காமல் இருக்கத் தமிழ் வரிக்கு எழுத்தின் அளவைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு உயரம் வேண்டும். கடைசியில் எழுத்து 16 பாயின்டுக்கு இறங்கிவிடுகிறது.

தயாரித்தவர் இதைக் கவனிக்காமலே போய்விடுவதும் உண்டு. பெட்டி நிரம்பியதும் பவர்பாயின்ட் தானாகவே எழுத்தைச் சுருக்கிக் கொடுத்துவிடும். எழுத்தை மட்டுமல்ல, வரி இடைவெளியையும் சேர்த்தே குறைக்கும். ஒரு ஸ்லைடில் எழுத்து பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் தெரிந்தால், சுருக்கம் நடந்திருக்கிறது என்று பொருள். உரைப்பெட்டியின் அமைப்பில் `Do not Autofit` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். எழுத்து பெட்டிக்கு வெளியே வழிந்து, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று காட்டிவிடும்.

எதை வெட்டுவது என்பதற்கு விடை, அரங்கில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. படத்தோடு பேச்சைக் கேட்பவர்கள், அதே பேச்சு எழுத்தாகவும் திரையில் ஓடும்போது குறைவாகவே கற்கிறார்கள் என்பது அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் முன்வைத்த கோட்பாடுகளில் ஒன்று. கண் வாசிப்பதும் காது கேட்பதும் ஒன்றே என்றால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கவனம் செலவாகிறது. பேச்சு தங்கள் தாய்மொழியில் இல்லாதவர்களுக்கு மட்டும் திரையிலுள்ள எழுத்து உதவக்கூடும். ஆகவே தமிழில் பேசும் கூட்டத்தில், பேசுவதையே அப்படியே தமிழில் எழுதி வைப்பது தமிழருக்குச் சுமை. தமிழ் தெரியாதவருக்கோ ஆங்கிலத்தில் ஒரு நல்ல வாக்கியம் இருந்தாலே பேச்சின் திசை பிடிபட்டுவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கிறது. ஸ்லைடு சொல்ல வரும் முடிவை ஒரே வாக்கியமாக்கி, அதை மட்டும் இரண்டு மொழியிலும் எழுத வேண்டும். மற்ற எதுவும் ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது. எண்ணும் படமும் இரண்டு மொழிக்காரருக்கும் பொது. விளக்கம் பேச்சுக்குப் போகும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய விவரம் அச்சுத்தாளுக்குப் போகும்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்க்கலாம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி ஒரு பயிற்சி. பேசுவது தமிழில். பின்வரிசையில் தமிழ் தெரியாத மருத்துவர்கள் சிலரும் இருக்கிறார்கள். பழைய ஸ்லைடில் ஆறு குறிப்புகள்: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைப்பது, கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுவது, ஒவ்வொரு முறை பேதியானதும் கொடுப்பது, வயதுக்கேற்ற அளவு, 14 நாட்கள் துத்தநாக மாத்திரை, தாய்ப்பாலை நிறுத்தாமலிருப்பது. ஆறும் இரண்டு மொழியில்.

இந்த ஆறில் எவை ஒன்றோடு ஒன்று ஒட்டியவை என்று முதலில் பார்க்க வேண்டும். எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது ஆகிய இரண்டும் ஒரே செய்தி. அவை சேர்ந்து முதல் ஸ்லைடு ஆகின்றன:

```
ஒவ்வொரு முறை பேதியானதும்
ஓ.ஆர்.எஸ். கொடுக்கவும்
Give ORS after every loose stool

   0–2              2–5
 50–100 ml       100–200 ml

வயது · Age (years)
```

மேலே தமிழ் வாக்கியம் 36 பாயின்டில், தடித்த எழுத்தில். அதை ஒட்டியே ஆங்கிலம் 24 பாயின்டில், சாதாரண எழுத்தில். நடுவில் உள்ள எண்கள் 54 பாயின்டுக்குக் குறையாமல் ஸ்லைடின் பாதியை எடுத்துக்கொள்கின்றன. அவற்றை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. எண்களுக்கு மேலே, தவழும் குழந்தை ஒன்றும் ஓடும் குழந்தை ஒன்றும் படமாக வந்தால் வயதுக் குறிப்பைத் தேடவும் வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கீழே இரண்டு மொழியிலும் பெயர் இருக்கிறது.

கரைப்பதும் கொட்டுவதும் இரண்டாவது ஸ்லைடு. பொட்டலம், ஒரு லிட்டர் பாட்டில், கடிகாரம் என மூன்று படங்கள். அவற்றின் கீழே 1, 1 l, 24 h. மூன்றாவதில் 14 கட்டங்கள் கொண்ட ஒரு நாட்காட்டி. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதக் குழந்தைக்கு 10 என்பது மட்டும் அதில் எழுத்தாக நிற்கிறது. தாய்ப்பாலுக்கு ஒரு முழுப் படமும் ஒரு வாக்கியமும். ஒரு ஸ்லைடு நான்கானது. பேச்சின் நேரம் கூடவில்லை, ஏனென்றால் பேச வேண்டிய செய்தி அதே ஆறுதான். பழைய ஸ்லைடில் இருந்த முழு வாக்கியங்கள் வீணாகவில்லை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என ஒரே தாளில் அச்சாகி, கூட்டம் முடிந்ததும் கைக்கு வருகின்றன.

இடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று வைப்பது நியாயமாகத் தோன்றும். தமிழுக்கு அது பாதகம். பாதி அகலத்தில் 28 பாயின்ட் எழுத்து வைத்தால் வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் கொள்ளும். ‘அறிவுறுத்தப்பட்டுள்ளது’ போன்ற ஒரு சொல் வந்தால் அது அடுத்த வரிக்குத் தாவி, முந்தைய வரியில் பெரிய ஓட்டையை விட்டுச் செல்லும். இருபக்கமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே வெள்ளைப் பள்ளங்கள் விழும். முழு அகலமும் தமிழுக்குக் கொடுத்து, இடப்பக்கம் மட்டும் ஒட்டவைத்து, ஆங்கிலத்தைக் கீழே வைப்பதே நன்றாக வாசிக்க வருகிறது.

இரண்டு மொழியும் வேறு வேறு என்று கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். அதற்காகத் தமிழைச் சாய்வெழுத்தாக்குவது வீண் முயற்சி. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படுவதில்லை. நேரான எழுத்தை மென்பொருள் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். தடிமனும் அளவும் போதுமான வேறுபாட்டைத் தரும். ஆங்கிலத்தை வெளிறிய சாம்பல் நிறத்தில் வைத்தால், ஜன்னல் திறந்திருக்கும் அறையில் புரொஜெக்டர் அதை அழித்தே விடும். எந்த அழகைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் ஸ்லைடில் தமிழ் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடைசி ஸ்லைடிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் தன் மொழியைத் தேடாமலே ஒவ்வொருவரின் பார்வையும் சரியான இடத்துக்குப் போகும்.

எழுத்துருவில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பவர்பாயின்ட் ஒரே பெட்டியிலுள்ள ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி எழுத்துருக்களை வைத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்துருவை மட்டும் மாற்றினால் தமிழ் பழையபடி வேறொன்றில் நிற்கும். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும், அடிக்கோட்டில் ஒட்டாமல் தெரியும். இரண்டு மொழிக்கும் சேர்த்தே வரையப்பட்ட இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன: `Mukta Malar`, `Catamaran`, `Hind Madurai`. இவற்றில் ஒன்றை முழுக் கோப்புக்கும் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். வரி இடைவெளியையும் பார்க்க வேண்டும். பவர்பாயின்டின் வழக்கமான வார்ப்புருவில் அது 0.9 என்று இறுக்கமாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ஒரு வரியின் ‘ழு’ அடுத்த வரியின் ‘டீ’யைத் தொடாமலிருக்க 1.1 வரை தளர்த்தலாம்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவற்றை அப்படியே ஒட்டுவதும் இந்த வேலைக்கு ஆகாது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரே வரியில் ஆங்கிலச் சொல் வந்தால் அதுவும் தமிழ் வடிவில் குழம்பிவிடும். பாமினி இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

எல்லா இடத்திலும் இந்த முறை செல்லாது. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல், ஒப்பந்த நிபந்தனை, சட்டப் பிரிவு போன்றவற்றில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம், சுருக்க முடியாது. அங்கே தமிழ் முழுவதும் ஒரு ஸ்லைடிலும், ஆங்கிலம் முழுவதும் அடுத்ததிலும் வரட்டும். இரண்டிலும் பத்திகளுக்கு ஒரே எண் இருந்தால், ‘மூன்றாவது பத்தி’ என்றதும் இரு மொழிக்காரரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

கடைசி வேலை கூட்டம் நடக்கும் அரங்கில்தான். அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று தானாக வந்து அமர்ந்து, வரிகள் உடைந்து, 36 பாயின்ட் வாக்கியம் மூன்று வரிக்கு ஓடிவிடும். சேமிக்கும்போதே `Embed fonts in the file` என்பதைத் தேர்ந்தெடுப்பதும், கூடவே ஒரு `PDF` நகலை எடுத்துச் செல்வதும் இதற்கு மருந்து. ஆட்கள் வருவதற்கு முன் கோப்பைத் திறந்து, அதிகம் எழுத்துள்ள ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டு, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கில வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டில் சிறியது அதுதான். அது அங்கிருந்து படிக்க வந்தால் தமிழும் வரும். வராவிட்டால் அந்த ஸ்லைடில் இன்னும் ஒரு குறிப்பு அச்சுத்தாளுக்குப் போக வேண்டியிருக்கிறது.