இரண்டு தகடும் இடையில் நுரையும்

1940-இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ போர்விமானத்தின் உடற்பகுதி மரத்தாலானது. வெளியேயும் உள்ளேயும் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் மிக லேசான பால்சா மரம். இன்றைய காற்றாலை இறக்கைகளிலும் இதே சாண்ட்விச் அமைப்புதான் இருக்கிறது.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் கொண்ட இரண்டு அலுமினியத் தகடுகள். இரண்டும் சேர்ந்து 540 கிராம். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் லேசாக அழுத்தினாலே வளைந்துவிடும். இடையில் 20 மி.மீ. தடிமனுள்ள பிவிசி நுரையை வைத்து ஒட்டினால் எடை சுமார் 120 கிராம்தான் கூடும். வளைவை எதிர்க்கும் விறைப்போ ஏறக்குறைய 330 மடங்காகிறது! பலமுறை போட்ட கணக்குதான், இன்னும் எனக்கு வியப்பு தீரவில்லை.

காரணம் தகடுகளுக்கு இடையிலான தூரம். பலகை வளையும்போது மேல்தகடு அமுங்குகிறது, கீழ்த்தகடு இழுபடுகிறது. இரண்டும் விலகியிருக்க விலகியிருக்க, தூரத்தின் இருமடிக்கு ஏற்ப விறைப்பு ஏறுகிறது.

ஆனால் தகடுகள் தனித்தனியே வளையாமல் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமே? தடித்த புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். அந்தச் சறுக்கலைத் தடுப்பதுதான் நுரையின் வேலை. நுரை மென்மையானது என்பதால் சறுக்கலை முழுவதும் தடுக்க அதனால் முடியாது. தானே சற்றுச் சாய்ந்து உருமாறும். பலகையும் அதற்கேற்பக் கூடுதலாகத் தாழும்.

நம் பலகையின் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் சுமார் 20 கிலோ வைப்போம். தகடுகளின் வளைவால் 2.7 மி.மீ., நுரையின் சறுக்கலால் 1.1 மி.மீ., மொத்தம் 3.8 மி.மீ. தாழும். இப்போது தாங்கிகளின் இடைவெளியைப் பாதியாக்குவோம். வளைவு மட்டுமே காரணமென்றால் தாழ்வு எட்டில் ஒரு பங்காக, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வர வேண்டும். வருவதோ 0.9 மி.மீ. நீளம் பாதியானால் சறுக்கலால் வரும் தாழ்வும் பாதிதான் ஆகும், எட்டில் ஒன்றாகாது. குட்டையான பலகையில் நுரையின் பங்கே பெரிது. ஆகவே வெவ்வேறு நீளங்களில் அளந்து பார்த்தால் இரண்டின் பங்கையும் பிரித்தறியலாம். நீளமான பலகையை மட்டும் சோதித்துவிட்டு, அந்த விறைப்பை அப்படியே குட்டைப் பலகைக்கும் எடுத்துக்கொள்வது தவறு.

சுமை மீறினால் தாங்கிக்கும் சுமைக்கும் இடையில் நுரை ஏறத்தாழ 45 பாகை சாய்வில் விரிசல் விடும். அது தகட்டை எட்டியதும் ஒட்டு வழியே பரவும். வெளியே தகடு பளபளப்பாகவே இருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள்: ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.