கஸ்டர்ட் பவுடரா... முட்டை கஸ்டர்டா? எது ருசி, எது சத்து, எது சிக்கனம்?

கல்யாண வீட்டு ஃப்ரூட் சாலட்டில் மஞ்சள் நிறத்தில் மினுமினுக்கும் கஸ்டர்டைப் பார்த்து, 'முட்டை போட்டிருப்பாங்களோ' என ஒதுங்கும் சைவப் பிரியர்கள் உண்டு. உண்மையில், வழக்கமான கஸ்டர்ட் பவுடரில் முட்டையே கிடையாது. சோள மாவு, வெனிலா வாசனை, நிறமி, கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான்!

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பேர்ட், 1837-ல் இதை உருவாக்கினார். அவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம்.

பக்குவத்தில் என்ன வித்தியாசம்?

அரை லிட்டர் பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் பவுடர் போதும். அதை ஆறிய பாலில் கரைத்துத்தான் சூடான பாலில் ஊற்ற வேண்டும். நேரடியாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். கொதி வந்த பிறகும் ஓரிரு நிமிடங்கள் கிளற வேண்டும். இல்லையென்றால் பச்சை மாவு வாடை நாக்கில் நிற்கும்.

முட்டை கஸ்டர்டுக்கு விதி தலைகீழ். அது கொதிக்கவே கூடாது. 4 மஞ்சள் கருவைச் சர்க்கரையுடன் அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, சிறு தீயில் கிளற வேண்டும். சுமார் 80 டிகிரியில் கெட்டியாகும். அதைத் தாண்டிச் சூடேறினால் முட்டைப் பொரியல் போலத் திரிந்துவிடும். கரண்டியின் பின்புறத்தில் படிந்த கஸ்டர்டில் விரலால் கோடு போடுங்கள். கோடு மூடாமல் நின்றால், உடனே அடுப்பிலிருந்து இறக்கி வடிகட்டிவிடலாம்.

ருசி

முட்டை கஸ்டர்ட் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால், வெனிலா குறைந்தால் கவிச்சி தெரியும். பவுடர் கஸ்டர்ட் கொழகொழவென நிற்கும். ருசியைவிட வாசனைதான் தூக்கல். மறுநாள் ஃப்ரிட்ஜில் கெட்டிப்பட்டு, தண்ணீர் விட ஆரம்பிக்கும்.

சத்தும் செலவும்

பாலின் சத்து இரண்டுக்கும் பொது. பவுடர் சேர்ப்பது பெரும்பாலும் மாவுச்சத்தை மட்டுமே. 4 மஞ்சள் கருவில் சுமார் 10 கிராம் புரதமும், வைட்டமின் ஏ, டி, பி12-ம் கிடைக்கும். கூடவே கொழுப்பும் கொலஸ்ட்ராலும் வரும். இரண்டிலுமே சர்க்கரை உண்டு என்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டிலும் கவனம் தேவை.

முட்டை ஒன்று 7 ரூபாய் என்றால், 4 முட்டைக்கு 28 ரூபாய். 100 கிராம் பவுடர் 50 ரூபாய் என்றால், 20 கிராமுக்கு 10 ரூபாய்தான். மிஞ்சும் வெள்ளைக் கருவை மறுநாள் ஆம்லெட்டில் சேர்த்துவிட்டால், முட்டைக் கணக்கும் அவ்வளவு உறுத்தாது.

எதற்கு எது?

கூட்டத்துக்கான ஃப்ரூட் சாலட்டுக்குப் பவுடரே போதும். முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கும் பவுடர்தான் கைகொடுக்கும். ஆனாலும் பாக்கெட்டின் பின்புறம் அலர்ஜி எச்சரிக்கையைப் படிக்காமல் வாங்காதீர்கள். நாலு பேருக்கான புட்டிங், வீட்டு ஐஸ்க்ரீம் என்றால், அந்த 18 ரூபாயைக் கூடுதலாகச் செலவழிக்கலாம். முதல் ஸ்பூனிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்!